கணனியும் நாமும்: ஆள் இருக்கிறார், பட்டியல் இல்லை என்கிறது



சங்கக் கணக்குகளை எக்செல் விரிதாளில் வைத்திருக்கும் செயலாளர்களும் பொருளாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அங்கத்தவர் இடாப்பிலிருந்து ஒருவருடைய வங்கிக் கணக்கு எண்ணைத் தேடி எடுக்கச் சூத்திரம் எழுதுகிறோம். அவருடைய அடையாள அட்டை எண் இடாப்பில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் சூத்திரம் போட்ட கலத்தில் `#N/A` என்று வந்து நிற்கிறது. தேடியது கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். இருப்பதை ஏன் இல்லை என்கிறது?

புதிதாக இப்பக்கத்தை வாசிப்பவர்களுக்காக ஒரு சொல். தேடுவதற்குப் பெரும்பாலும் நாம் பயன்படுத்தும் சார்பின் பெயர் `VLOOKUP`. வாக்காளர் இடாப்பில் ஒரு விரலை மேலிருந்து கீழே ஓட்டி, பெயரைக் கண்டதும் அதே வரியில் வலப்பக்கம் நகர்ந்து வீட்டு இலக்கத்தை வாசிப்போமே, அதே வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் விரல் பார்வையில் ஒத்திருந்தால் நின்றுவிடும். கணனியோ கலத்துக்குள் சேமிக்கப்பட்டிருப்பதை ஒப்பிடுகிறது. திரையில் எப்படித் தெரிகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. பெரும்பாலான `#N/A` சிக்கல்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒரு மாதர் சங்கத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 64 அங்கத்தவர்கள். செயலாளர் தட்டச்சு செய்த இடாப்பு `Members` என்ற தாளில் இருக்கிறது. அதில் A நிரலில் தேசிய அடையாள அட்டை எண், B நிரலில் பெயர், C நிரலில் கிராமம், D நிரலில் வங்கிக் கணக்கு எண். வாழ்வாதார உதவி கொடுக்கும் நிறுவனமொன்றிலிருந்து அதே 64 பேருடைய அடையாள அட்டை எண்கள் அடங்கிய இன்னொரு பட்டியல் வருகிறது. அதை `Paylist` என்ற தாளில் வைத்து, ஒவ்வொருவருக்கும் நேரே கணக்கு எண்ணை நிரப்பி அனுப்பவேண்டும். பொருளாளர் எழுதும் சூத்திரம் இது:

```
=VLOOKUP(A2,Members!A:D,4,FALSE)
```

A2 கலத்தில் உள்ள எண்ணை `Members` தாளின் முதல் நிரலில் தேடு, கண்டால் அந்த வரியின் நான்காவது நிரலில் இருப்பதைக் கொடு, சரியாகப் பொருந்தினால் மட்டும் கொடு என்பது இதன் பொருள். சூத்திரத்தில் பிழை எதுவும் இல்லை. கீழே வரை இழுத்து நிரப்புகிறார். 49 பேருக்குக் கணக்கு எண் வருகிறது. 15 பேருக்கு `#N/A`.

இந்த இடத்தில் பலர் செய்வது, 15 பேரையும் கையால் தேடி நிரப்புவது. அது அன்றைக்கு வேலையை முடித்துவிடும். அடுத்த மாதம் அதே 15 பேர் மீண்டும் வருவார்கள். அதைவிட, யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது. நம் எடுத்துக்காட்டில் வந்த 49 எண்களும் V எழுத்தில் முடியும் பழைய அடையாள அட்டை எண்கள். வராத 15 இல் 13, எழுத்தே இல்லாத 12 இலக்கப் புதிய எண்கள். இது தற்செயல் அல்ல.

2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள் மட்டுமே இருக்கின்றன. அதற்கு முன்னையவற்றில் 9 இலக்கங்களும் V அல்லது X என்ற எழுத்தும் இருந்தன. இடம்பெயர்வில் அட்டையைத் தொலைத்து 2016க்குப் பின்னர் மாற்று அட்டை பெற்ற சகோதரிகளிடமும், இளவயதினரிடமும் புதிய எண்ணே உள்ளது. பழைய எண்ணில் ஓர் எழுத்து இருப்பதால் எக்செல் அதை எப்போதும் சொல்லாகவே சேமிக்கும். புதிய எண்ணை அப்படியே தட்டச்சு செய்தால், கூட்டிக் கழிக்கக்கூடிய ஒரு தொகையாக அதைச் சேமித்துக்கொள்ளும். எக்செல்லைப் பொறுத்தவரை தொகையும் சொல்லும் இரண்டு வெவ்வேறு இனங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

சரி, இரண்டு தாள்களிலும் ஒரேமாதிரித் தொகையாக இருந்திருந்தால் பொருந்தியிருக்குமே, ஏன் ஒன்றில் மட்டும் சொல்லாக மாறியது? அதற்கும் காரணம் உண்டு. 199299900128 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். (இது எவருடைய எண்ணும் அல்ல. புதிய எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே 999 எவருக்கும் வராது.) இதை வெறுமனே தட்டச்சு செய்தால், எக்செல் `1.993E+11` என்று காட்டும். 12 இலக்கத் தொகையை முழுமையாகக் காட்டாமல் சுருக்குவது அதன் இயல்பு. இதைக் கண்டு திகைக்கும் செயலாளர், யாரோ சொல்லிக்கொடுத்தபடி, எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோட்குறியை இட்டுத் தட்டச்சு செய்கிறார். உடனே எண் முழுமையாகத் தெரிகிறது. அந்தக் குறி அதைச் சொல்லாக மாற்றிவிட்டது. மறுபக்கம் பட்டியலை அனுப்பியவரோ மேற்கோட்குறி இடாமல், கலத்தின் வடிவமைப்பை மட்டும் தசமமற்ற எண் என்று மாற்றியிருக்கிறார். அங்கும் எண் முழுமையாகத் தெரிகிறது, ஆனால் தொகையாகவே இருக்கிறது. இருவர் செய்ததும் நியாயமானதே. இரண்டு தாள்களும் சந்திக்கும்போதுதான் சிக்கல்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருந்தாத ஓர் எண்ணைத் தெரிவுசெய்யுங்கள். அது `Paylist` தாளில் A9 இல், `Members` தாளில் A31 இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `Paylist` தாளிலேயே வெறுமையான மூன்று கலங்களில் இவற்றை எழுதுங்கள்:

```
=A9=Members!A31
=ISNUMBER(A9)
=ISNUMBER(Members!A31)
```

முதலாவது, இரண்டும் ஒன்றா என்று கேட்கிறது. `FALSE` என்று வந்தால், உங்கள் கண் சொல்வதைக் கணனி ஏற்கவில்லை. அடுத்த இரண்டும் ஒவ்வொன்றும் தொகையா என்று கேட்கின்றன. ஒன்று `TRUE` என்றும் மற்றது `FALSE` என்றும் வந்தால் நோய் தெரிந்துவிட்டது. சூத்திரம் இல்லாமலும் சில அடையாளங்கள் உண்டு. தொகை கலத்தின் வலப்பக்கமும் சொல் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். சொல்லாகச் சேமித்த எண்ணின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தோன்றலாம். ஆனால் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்பதை மட்டும் நம்பவேண்டாம். ஏற்கனவே எண்கள் உள்ள ஒரு நிரலைத் தெரிவுசெய்து, அதன் வடிவமைப்பை `Text` என்று மாற்றினால், எண்கள் எல்லாம் இடப்பக்கம் நகர்ந்து சொல்லாகிவிட்டவை போலத் தோன்றும். உள்ளே அவை தொகையாகவே இருக்கும். மீண்டும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால்தான் மாறும். வடிவமைப்பை மாற்றியும் `#N/A` போகவில்லையே என்று அலுத்துப்போகிறவர்கள் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

நம் சங்கத்தில் இப்படிச் சோதித்தபோது 13 புதிய எண்களில் 11 இந்த வகை. மீதி 2 பற்றிக் கடைசியில் சொல்கிறேன். V எழுத்துடன் இருந்தும் வராத 2 பழைய எண்கள் வேறு வகை. அவற்றில் ஒன்றில் `789990345 V` என்று எழுத்துக்கு முன் ஓர் இடைவெளி இருந்தது. அதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். மற்றதில் இடைவெளி V எழுத்துக்குப் பின்னால் இருந்தது. அதை எந்தக் கண்ணாலும் காணமுடியாது. இதற்கு `LEN` என்ற சார்பு உதவும். அது கலத்தில் எத்தனை எழுத்துகள் என்று எண்ணிச் சொல்லும். பழைய எண்ணுக்கு 10 வரவேண்டும். 11 வந்தால் வேண்டாத விருந்தாளி ஒருவர் உள்ளே இருக்கிறார். (V பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். `VLOOKUP` அதைப் பார்ப்பதில்லை.)

இரண்டு நோய்களுக்கும் ஒரே மருந்து போதும். முதலில் கோவையை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பின்னர் `Members` தாளில் வெறுமையான நிரல் ஒன்றில், F2 என்று வைத்துக்கொள்வோம், இதை எழுதிக் கடைசி அங்கத்தவர் வரை இழுத்து நிரப்புங்கள்:

```
=SUBSTITUTE(TEXT(A2,"0")," ","")
```

`TEXT` என்பது தொகையைச் சொல்லாக மாற்றும். ஏற்கனவே V எழுத்துடன் சொல்லாக இருப்பதை அப்படியே விட்டுவிடும். `SUBSTITUTE` இடைவெளிகளை நீக்கும். இடைவெளியை நீக்க `TRIM` போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது முன்னும் பின்னும் உள்ளதை நீக்கும், ஆனால் நடுவில் உள்ள ஓர் இடைவெளியை விட்டுவிடும். நமக்கு V எழுத்துக்கு முன்னால் உள்ளதும் போகவேண்டும்.

இனி A நிரலைத் தெரிவுசெய்து அதன் வடிவமைப்பை `Text` ஆக்குங்கள். அதன் பின்னர் F நிரலில் வந்தவற்றைப் பிரதி செய்து, A நிரலில் `Paste Special` சென்று `Values` என்று தெரிவுசெய்து ஒட்டுங்கள். F நிரலை அழித்துவிடலாம். வடிவமைப்பை முதலில் மாற்றிவைத்திருப்பதால், பிற்பாடு யாராவது அந்தக் கலத்தைத் திறந்து மூடினாலும் எண் மறுபடி தொகையாக மாறாது. `Paylist` தாளிலும் இதையே செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. இணையப் பக்கத்திலிருந்து பிரதி செய்த பட்டியல்களில் இன்னொரு வகை இடைவெளி வருவதுண்டு. மேலே உள்ள சூத்திரத்துக்கும் அது அசையாது. `LEN` இன்னமும் கூடுதலாகக் காட்டினால், அதே முறையில் `" "` இருக்கும் இடத்தில் `CHAR(160)` என்று போட்டு ஒருமுறை நீக்கிப் பாருங்கள்.

ஒரு நிலைக்கு மட்டும் இந்த மருந்தும் உதவாது. கோவையை `CSV` என்ற வகையில் சேமித்திருந்தால், திரையில் `1.993E+11` என்று சுருங்கித் தெரிந்தது அப்படியே எழுதப்பட்டுவிடும். மீண்டும் திறக்கும்போது எண் 199300000000 ஆகிவிடும். கடைசி இலக்கங்கள் மறைந்து போயின, அவற்றை எந்தச் சூத்திரத்தாலும் மீட்கமுடியாது. ஒரு பட்டியலில் பல எண்கள் நீண்ட சுழியங்களில் முடிந்தால், அனுப்பியவரிடம் மூலக் கோவையைக் கேட்டுப் பெறவேண்டியதுதான்.

எண்ணுடன் இத்தனை மல்லுக்கட்டுவதைவிடப் பெயரை வைத்துத் தேடலாமே என்று தோன்றும். என் கருத்தில் அது இன்னும் வில்லங்கமானது. ஒரே பெயரில் மூவர் இருந்தால், `VLOOKUP` முதலாமவரைக் கண்டதும் நின்றுவிடும். முதலெழுத்தும் புள்ளியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமது நாட்டில் தமிழ்ப் பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் தமிழ் என்று நாம் காண்பது, கணனியின் உள்ளே `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. யுனிக்கோட்டில் தட்டச்சு செய்த அதே சொல்லுடன் அது ஒருநாளும் பொருந்தாது. இதைக் கண்டறிவது எளிது. அந்தக் கலத்தைச் சுட்டியால் தெரிவுசெய்து, மேலே சூத்திரம் தெரியும் பட்டையைப் பாருங்கள். அங்கே தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது பாமினி. அத்தகைய பட்டியலில் பெயர்களை முதலில் யுனிக்கோட்டுக்கு மாற்றாமல் தேடுவது வீண்வேலை.

இப்போது நான் மிகவும் அஞ்சும் இரண்டு பழக்கங்களுக்கு வருகிறேன். `#N/A` அசிங்கமாகத் தெரிகிறது என்று பலர் சூத்திரத்தை இப்படி மூடிவிடுகிறார்கள்:

```
=IFERROR(VLOOKUP(A2,Members!A:D,4,FALSE),"இல்லை")
```

தாள் துப்புரவாகிவிடும். ஆனால் அதை வாங்கிப் பார்ப்பவர், "இல்லை" என்பதை "இவருக்குக் கணக்கு இல்லை" என்றோ "இவர் அங்கத்தவர் இல்லை" என்றோ வாசிப்பார். உண்மையில் நடந்தது மேற்கோட்குறிச் சிக்கல். நம் எடுத்துக்காட்டில் அப்படி 15 பெண்கள் ஒரு கொடுப்பனவிலிருந்து விலக்கப்படுவார்கள், அவர்களில் 13 பேர் புதிய அட்டை உள்ளவர்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் பணம் வரவில்லை. மூடத்தான் வேண்டுமென்றால், "எண்ணைச் சரிபார்க்கவும்" என்று எழுதி மூடுங்கள். அனுப்புவதற்கு முன்னர் அப்படி எத்தனை கலங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றப் பழக்கம் இதைவிட ஆபத்தானது. `FALSE` இருக்கும் இடத்தில் `TRUE` போட்டால், அல்லது அதை எழுதாமல் விட்டால், சில `#N/A` மறைந்து எண்கள் வரக்கூடும். பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்துவிடக்கூடாது. அந்நிலையில் `VLOOKUP` சரியான பொருத்தத்தைத் தேடாமல், நிரல் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கிட்டத்தட்டப் பொருந்தும் வரியை எடுத்துக்கொடுக்கும். அதாவது ஒரு சகோதரிக்கு நேரே இன்னொரு சகோதரியின் கணக்கு எண் வந்து அமரும். `#N/A` ஆவது கண்ணில் படும். இது படாது, பணம் போனபின்தான் தெரியும்.

மருந்து கொடுத்தபின் நம் பொருளாளருக்கு 64 இல் 62 வந்துவிட்டன. மிஞ்சிய 2 பேரிடத்தில் சூத்திரம் சொல்வது உண்மை. அவர்களுடைய எண் இடாப்பில் இல்லை. இடாப்பில் அவர்கள் சேர்ந்த காலத்துப் பழைய எண் இருக்கிறது, வந்த பட்டியலில் புதிய அட்டையின் எண் இருக்கிறது. பழைய எண்ணிலிருந்து புதியதைக் கணிக்க வழி உண்டு. முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களை எழுதி, ஒரு சுழியம் இட்டு, மீதி நான்கு இலக்கங்களை எழுதி, V எழுத்தை விட்டுவிடவேண்டும். 789990345V என்பது 197899900345 ஆகும். விரிதாளில் இப்படி:

```
="19"&LEFT(A2,5)&"0"&MID(A2,6,4)
```

இவ்வாறு கணித்த எண் பட்டியலில் இருந்தால், பெயரும் கிராமமும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். ஒத்துவந்தாலும், அந்த இருவரையும் அடுத்த கூட்டத்துக்கு அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, எண்ணை நேரில் பார்த்தே இடாப்பில் பதியுங்கள். பழைய எண்ணை அழிக்கவேண்டாம். வங்கிப் புத்தகத்திலும் பழைய கடன் பத்திரங்களிலும் அந்த எண்தான் இன்னமும் இருக்கும். இடாப்பின் கடைசியில் "பழைய எண்" என்று ஒரு நிரலைச் சேர்த்து அங்கே எழுதிவைத்தால் போதும்.